இன்புட் கிரெடிட் கிடைக்குமாக்கா?

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. மாங்காய் மண்டிக்காரர்கள், கூழ் ஃபேக்டரிக்கு லாரி ஓட்டுபவர்கள், ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் என்று ஜூலை மாதம் முழுக்கக் கூட்டம் இருக்கும். 2025 ஜூலையில் அந்தக் கூட்டத்தோடு ஒரு பையன் வந்தான். காவேரிப்பட்டணம் பக்கம் ஊர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு. இவன் சீசனில் கூழ் ஃபேக்டரி லேபில் இனிப்பு அளவு பார்க்கிற வேலையில் இருந்தான்.

"ஆப்ஷன் டிரேடிங்ல ஒரு லட்சத்து நாப்பத்தாறாயிரம் இருக்குதுக்கா. எடுக்கணும்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி கட்டச் சொல்றாங்க. கட்டிட்டா அதுக்கு இன்புட் கிரெடிட் கிடைக்குமாக்கா?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவன் கேட்ட விதத்தில் ஒரு நியாயம் இருந்தது. வரி என்று யாரோ சொல்கிறார்கள், ரசீது கிடைத்தால் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறான். வரி ஏய்க்கிற எண்ணம்கூட இல்லை.

"கான்ட்ராக்ட் நோட் கொண்டாந்தியா?" என்றேன்.

"அப்படின்னா?"

அதற்குப் பிறகு இன்புட் கிரெடிட்டைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. என்எஸ்இ, பிஎஸ்இ மாதிரியான சந்தையில் ஒரு ஆப்ஷன் வாங்கினாலும் விற்றாலும், 24 மணி நேரத்துக்குள் புரோக்கர் கான்ட்ராக்ட் நோட் அனுப்பியாக வேண்டும். அதில் ஆர்டர் எண், டிரேடு எண், எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் நடந்தது, என்ன விலை, பிடித்த கட்டணங்கள், வரி எல்லாம் வரிவரியாக இருக்கும். இது போக, புரோக்கரைத் தாண்டி எக்ஸ்சேஞ்சே நேரடியாக உங்கள் மொபைலுக்கும் மெயிலுக்கும் அன்றைய வர்த்தகத்தைச் சொல்லிச் செய்தி அனுப்பும். நான்கு மாதம் ஆப்ஷன் டிரேடிங் செய்த ஒருவர் கான்ட்ராக்ட் நோட் என்ற வார்த்தையையே கேட்டதில்லை என்றால், அவர் செய்தது எக்ஸ்சேஞ்சில் இல்லை. இதை முடிவு செய்ய வேறெந்தச் சோதனையும் வேண்டாம்.

ஆப்பைத் திறக்கச் சொன்னேன். எதிர்பார்த்தபடியே பச்சையில் மேல் அம்பு, சிவப்பில் கீழ் அம்பு. யூரோ டாலர் விலை ஒரு நிமிடத்தில் ஏறுமா இறங்குமா? சரியாகச் சொன்னால் போட்ட பணத்தோடு 80 சதவீதம் கூடுதல், தவறினால் போட்டது மொத்தமும் போய்விடும். இதைத்தான் பைனரி ஆப்ஷன், டிஜிட்டல் ஆப்ஷன் என்கிறார்கள். சில ஆப்புகளில் இன்னும் மரியாதையாக ஃபிக்ஸட் டைம் டிரேடு என்று போட்டிருக்கும்.

நல்ல வேளையாக அந்த ஆப்பில் பழைய வர்த்தகங்களை எக்செல் ஃபைலாக இறக்கிக்கொள்ள வழி இருந்தது. இறக்கச் சொன்னேன். வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு ஃபைலைப் பிரித்தேன்.

ஜெயித்தும் தோற்ற கணக்கு

மார்ச்சிலிருந்து ஜூன் நடுவரை அவனே தனியாக விளையாடியது ஒரு கட்டம். ஆயிரம் ரூபாய் வீதம் 412 முறை போட்டிருக்கிறான். அதில் 214 முறை ஜெயித்திருக்கிறான், 198 முறை தோற்றிருக்கிறான். தோற்றதைவிட ஜெயித்ததே அதிகம். அவனுக்கும் அது நன்றாக நினைவிருந்தது. "நான் நல்லாத்தான்க்கா போட்டேன், பணம் எப்படிக் கரைஞ்சதுன்னுதான் தெரியல" என்றான்.

கால்குலேட்டரை அவன் கையிலேயே கொடுத்தேன். 214 வெற்றிக்குத் தலா 800 ரூபாய், ஆக 1,71,200. 198 தோல்விக்குத் தலா 1,000 ரூபாய், ஆக 1,98,000. கழித்தால் 26,800 ரூபாய் நஷ்டம்.

தோற்றால் ஆயிரம் போகிறது, ஜெயித்தால் எண்ணூறுதான் வருகிறது. நூறு முறை போட்டு 55 முறை ஜெயித்தாலும் 44,000 வந்து 45,000 போகும். கையைக் கடிக்காமல் இருக்கவே 56 முறை ஜெயிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் யூரோ ஏறுமா இறங்குமா என்பதை நூற்றுக்கு 56 முறை தொடர்ந்து சரியாகச் சொல்லக்கூடிய ஆள் காவேரிப்பட்டணத்தில் மட்டுமல்ல, எங்குமே கிடைப்பது கடினம். பாதிக்குப் பாதி ஜெயிப்பவரிடம் நூறு ஆட்டத்துக்குப் பத்தாயிரம் ரூபாயை அந்த ஆப் எடுத்துக்கொள்கிறது. இதற்கு விலையைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை, விதிமுறையே அந்த வேலையைச் செய்துவிடும்.

அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. அன்றைக்கு மட்டும் ஐந்து வரிகள் தனியாகக் கண்ணில் பட்டன. 500, 1,125, 2,530, 5,695, 12,815. ஐந்தும் தோல்வி. "இது என்னப்பா இப்படி ஏறுது?" என்றேன். டெலிகிராம் குழுவில் ஒருவர் சொல்லிக் கொடுத்தாராம். தோற்றால் அடுத்ததில் கூட்டிப் போடு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று.

சூதாட்டத்தில் பழங்காலத்து உத்தி அது, தோற்றால் இரட்டிப்பாக்குவது. ஆனால் 80 சதவீதம் மட்டும் தருகிற இடத்தில் வெறும் இரட்டிப்பு வேலைக்கே ஆகாது. 500, 1,000, 2,000 தோற்றால் போனது 3,500. நான்காவதாக 4,000 போட்டு ஜெயித்தாலும் வருவது 3,200தான். ஜெயித்த பிறகும் 300 ரூபாய் நஷ்டம். அதனால்தான் அந்தக் குழுவில் இரண்டு மடங்குக்குப் பதிலாக இரண்டேகால் மடங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவருக்குக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! இரண்டேகாலில் போனால் ஐநூறில் தொடங்கியவன் ஐந்தாவது தோல்வியில் 22,665 ரூபாயை இழந்திருப்பான். ஆறாவதாகப் போட 28,800க்கு மேல் வேண்டும். இவனிடம் மீதி இருந்தது 3,035.

அந்தத் தேதியை இன்னொரு காரணத்துக்காகவும் அவனிடம் காட்டினேன். ஞாயிறு இரவு ஒன்பதரை மணி. உலக அந்நியச் செலாவணிச் சந்தை நம்ம நேரப்படி சனிக்கிழமை விடிகாலையில் மூடினால் திங்கள் விடிகாலையில்தான் திறக்கும். அப்படியானால் ஞாயிறு இரவு அந்தத் திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த யூரோ விலை எங்கிருந்து வந்தது? ஆப்பில் அதன் பெயருக்குப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் ஓடிசி என்று போட்டிருந்தது. வெளிச் சந்தை மூடியிருக்கும்போது அந்த நிறுவனம் தன் கம்ப்யூட்டரில் தானே உண்டாக்குகிற விலை அது. அவனுடைய 412 வர்த்தகத்தில் முக்கால்வாசி இப்படிச் சனி ஞாயிறில் நடந்தவை.

ஒரு வரியை அவனையே வாசிக்கச் சொன்னேன். நுழைந்த விலை 1.08452, முடிந்த விலை 1.08451. மேலே போகும் என்று போட்டிருந்தான். ஐந்தாவது தசமத்தில் ஒரு புள்ளி குறைந்ததால் ஆயிரம் ரூபாய் போயிற்று. அந்தக் கடைசி இலக்கம் உண்மையா என்று எந்தச் சந்தையிலும் போய்ச் சரிபார்க்க முடியாது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஏமாற்றவில்லை என்று அவர்களாலும் நிரூபிக்க முடியாது. நீங்கள் தோற்றால் பணம் அவர்களுக்குப் போகிறது, ஜெயித்தால் அவர்கள் கையிலிருந்து தர வேண்டும், விலையைச் சொல்வதும் அவர்களே. மண்டியில் மாங்காய் வாங்குகிறவரே தராசையும் வைத்துக்கொண்டு, படிக்கல்லையும் துணியால் மூடி வைத்திருந்தால் அவன் அப்பா ஒரு கூடையாவது இறக்குவாரா?

என்எஸ்இ ஆப்ஷன் எப்படி வேறு

"எக்ஸ்சேஞ்ச்லயும் ஆப்ஷன்ல எல்லாரும் தோக்குறாங்கன்னு சொல்றாங்களேக்கா, ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதால் என்னுடைய பழைய கான்ட்ராக்ட் நோட் ஒன்றை எடுத்தேன். நான் எப்போதாவது ஒரு லாட் வாங்குவேன், பெரிய ஆள் இல்லை.

என்எஸ்இ குறியீடான நிஃப்டி 25,000 இருக்கும்போது 25,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன், அதாவது கெடு நாளில் நிஃப்டி 25,000க்கு மேல் எத்தனை புள்ளி இருக்கிறதோ அத்தனை ரூபாய் தருகிற ஒப்பந்தம் ஒன்றை, 120 ரூபாய் பிரீமியம் என்ற விலையில் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு லாட்டுக்கு 75 எண்ணிக்கை. ஆக 9,000 ரூபாய். இதை எனக்கு விற்றது புரோக்கர் இல்லை. நாட்டில் எங்கேயோ இருக்கிற இன்னொரு வர்த்தகர். நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷன் நின்று, அவர் பணம் தராமல் போனாலும் எனக்குச் சேர வேண்டியதைத் தீர்க்கும் பொறுப்பை ஏற்கிறது. நான் ஜெயித்தாலும் தோற்றாலும் புரோக்கருக்குக் கமிஷன் ஒன்றுதான்.

வாங்கிய பிறகு நிஃப்டி நாற்பது புள்ளி இறங்குகிறது, பிரீமியம் 95க்கு வருகிறது என்றால் விற்றுவிட்டு வெளியே வரலாம். நஷ்டம் 25 ரூபாய் வீதம் 1,875, அதோடு கட்டணங்கள். மீதி 7,125 என்னுடையது. பைனரியில் இந்த நடு வழியே கிடையாது. ஒரு புள்ளி தவறினாலும் நூறு புள்ளி தவறினாலும் மொத்தமும் போகும். அதே மாதிரி, நிஃப்டி 300 புள்ளி ஏறினால் எக்ஸ்சேஞ்ச் ஆப்ஷனில் லாபமும் அதற்கேற்ப ஏறும். பைனரியில் எவ்வளவு ஏறினாலும் அதே எண்ணூறு.

இதனால் எக்ஸ்சேஞ்ச் ஆப்ஷன் பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்பைரி என்கிற அந்தக் கெடு நாளில் நிஃப்டி 25,060ல் முடிந்தால், நான் நினைத்த திசையில்தான் போயிருக்கிறது, ஆனால் கைக்கு வருவது 60 ரூபாய் வீதம் 4,500. போட்டதில் பாதி போய்விட்டது. 25,120 தாண்டினால்தான் லாபம். நாள் ஓட ஓட பிரீமியம் தேய்ந்துகொண்டே வரும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளைப் பார்த்த பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, எஃப் அண்ட் ஓ என்கிற ஃப்யூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக 2024 செப்டம்பரில் வெளியிட்டது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கால் ஆப்ஷனை வாங்காமல் விற்கப் போனால் நஷ்டத்துக்கு எல்லையே இல்லை. ஆகவே இரண்டிலும் பணம் போகும் என்பது சரி. ஆனால் என்எஸ்இயில் நான் தோற்ற விலையை நாடே பார்த்தது. தோற்றது போக மீதியை அடுத்த நாளே என் பேங்க் கணக்குக்கு எடுக்கலாம், அதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

பைனரி என்ற வடிவமே மோசடி என்று சொல்வதும் சரியில்லை. அமெரிக்காவில் அரசு அனுமதி பெற்ற எக்ஸ்சேஞ்சுகளில் பைனரி ஒப்பந்தங்கள் முறையாக நடக்கின்றன. அங்கே வாங்குபவர், விற்பவர் இருவரும் வாடிக்கையாளர்கள், விலையை எக்ஸ்சேஞ்ச் காட்டும். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் நிறுவனமே எதிர் ஆளாக நின்று மக்களிடம் விற்கிற வகையைத்தான் நாடுகள் ஒவ்வொன்றாகத் தடை செய்தன. இஸ்ரேல் 2017ல் சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையில் சில்லறை முதலீட்டாளர்களுக்கு விற்பதை நிறுத்தியது. பிரிட்டன் 2019 ஏப்ரலிலும், ஆஸ்திரேலியா 2021 மே மாதத்திலும் தடை கொண்டுவந்தன. நம் நாட்டில் என்எஸ்இயிலோ பிஎஸ்இயிலோ இந்த ஒரு நிமிட ஆட்டம் கிடையவே கிடையாது. வெளிநாட்டு ஃபாரெக்ஸ் தளங்களுக்கு மார்ஜின் பணம் அனுப்ப இங்கிருப்பவர்களுக்கு அனுமதி இல்லை என்று ரிசர்வ் வங்கி 2022 பிப்ரவரியில் எச்சரித்தது. அதே வருடம் செப்டம்பரில் அனுமதியில்லாத தளங்களின் பட்டியலையும் வெளியிட்டது. "எங்க ஆப் அந்த லிஸ்ட்ல இல்ல" என்று டெலிகிராம் ஆட்கள் பதில் சொல்வார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

திரையில் மட்டும் இருந்த லாபம்

இப்போது அந்த 1,46,000க்கு வருகிறேன். ஃபைலில் இரண்டாவது கட்டம் அது. ஜூன் கடைசியில், பணமெல்லாம் தோற்று 3,035 மட்டும் இருந்தபோது டெலிகிராம் குழுவின் அட்மின் இவனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ஓசூர்க்காரர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நேரில் பார்த்ததில்லை. "தம்பி, நீ எமோஷன்ல போடுற. இன்னும் 20,000 போடு, கம்பெனி 20,000 போனஸ் தரும், கணக்கை நான் பார்த்துக்கறேன்."

அந்த அட்மினுக்கு இதில் என்ன ஆதாயம்? இந்த மாதிரி ஆப்புகளில் ஆள் சேர்த்து விடுபவருக்கு, சேர்ந்தவர்கள் தோற்கிற பணத்தில் பங்கு உண்டு. அதை அந்த நிறுவனங்களே தங்கள் பார்ட்னர் பக்கத்தில் வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். சிக்னல் சொல்பவரும், இரண்டேகால் மடங்கு சொல்லித் தருபவரும் இவன் சேர்ந்த அந்த லிங்கின் மூலம் சம்பாதிப்பவர்கள். பாடம் இலவசமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அட்மின் கையில் போன பிறகு கணக்கு இரண்டு வாரத்தில் 1,46,000 ஆனது. ஃபைலில் அந்தப் பகுதியைப் பார்த்தால் ஒரு தோல்விகூட இல்லை. மூன்றரை மாதத்தில் 198 முறை தோற்ற அதே ஆட்டத்தில் இப்போது தோல்வியே இல்லை என்றால், அது ஆட்டமே இல்லை, யாரோ தட்டி வைத்த எண்.

ஒரு லட்சம் எடுக்கலாம் என்று அழுத்தியிருக்கிறான். முதலில் போனஸ் விதி என்று வந்தது. 20,000 போனஸ் வாங்கியதால் அதன் 40 மடங்கு, அதாவது 8,00,000 ரூபாய்க்கு வர்த்தகம் செய்து முடித்தால்தான் எடுக்க முடியும். நூற்றுக்குப் பத்து ரூபாய் தானாகத் தேய்கிற ஆட்டத்தில் எட்டு லட்சத்துக்குச் சுழற்றினால் சராசரியாக 80,000 போய்விடும். அதனால்தான் அந்த விதி. இவன் கெஞ்சியதும் அட்மின் "மேனேஜர்கிட்ட பேசிட்டேன், விதியைத் தளர்த்துறாங்க, 18 பர்சென்ட் ஜிஎஸ்டி 18,000 மட்டும் கட்டிடு" என்று ஒரு யுபிஐ ஐடி அனுப்பியிருக்கிறார்.

இதில் நான் தொழில்காரி என்பதால் உறுதியாகச் சொன்னேன். உன் பணத்தை நீ எடுப்பதற்கு ஜிஎஸ்டி கிடையாது. எக்ஸ்சேஞ்சில் வர்த்தகம் செய்தால் வரியும் கட்டணமும் அந்தந்த வர்த்தகத்திலேயே கழிந்து கான்ட்ராக்ட் நோட்டில் வந்துவிடும். வருமான வரி என்றால் நீ நேராக அரசுக்குக் கட்டுவாய், சலான் வரும். இருப்பு 1,46,000 இருக்கிறது என்றால் அதிலேயே 18,000ஐக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லு, பார்ப்போம்.

அங்கேயே உட்கார்ந்து மெசேஜ் அனுப்பினான். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "கம்பெனி பாலிசிப்படி வரியை வெளியிலிருந்துதான் கட்டணும் ப்ரோ." அதுவரை கொஞ்சம் நம்பிக்கையோடு இருந்த முகம் அப்போதுதான் மாறியது. அப்பாவுக்கு மாங்காய்க் காசு வந்ததும் அந்தப் பதினெட்டாயிரத்தை எடுக்கலாம் என்று இருந்தானாம். பெங்களூரா விலை படுத்துப்போன வருடம் அது.

பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பார்த்தேன். எனக்கு ஆப்பைவிட அதுதான் பயமாக இருந்தது. முதலில் 62,000, பிறகு 20,000 என்று மொத்தம் 82,000 போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயருக்கு. ஒன்று மொபைல் கடை, ஒன்று மளிகை, பல தனிநபர்கள். திரும்ப வந்தது இரண்டு முறை, 3,000மும் 6,500மும். ஆரம்பத்தில் அந்த 3,000 வந்ததால்தான் நம்பிப் பெரிய தொகை போட்டான். அந்த இரண்டும்கூட யாரென்றே தெரியாத தனிநபர்களிடமிருந்து வந்திருந்தன. பதிவு பெற்ற புரோக்கருக்கு அனுப்பும் பணம் எப்போதும் அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போகும். செபியின் பதிவு எண் `INZ` என்று தொடங்கும், செபி தளத்தில் தேடிப் பார்க்கலாம். 2025 அக்டோபர் முதல் இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. பதிவு பெற்ற புரோக்கர்களின் யுபிஐ ஐடியில் `.brk` என்றும், பிறகு `@valid` என்று தொடங்கும் பேங்க் பெயரும் இருக்கும். மளிகைக் கடை க்யூஆருக்குப் பணம் அனுப்பச் சொல்கிற இடத்தில் வேறெதையும் ஆராயத் தேவையில்லை.

கணக்கு முடங்கியது

அன்றே சைபர் மோசடிப் புகாருக்கான `1930` எண்ணுக்கு அழைக்கச் சொன்னேன். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதிவு செய்தோம். பணம் அனுப்பிய ஒவ்வொரு முறைக்கும் பேங்க் தருகிற யுடிஆர் எண், தேதி, போன கணக்கு, டெலிகிராம் உரையாடல், ஆப்பின் எக்செல் ஃபைல் எல்லாவற்றையும் சேர்த்தோம். எக்செல் ஃபைலை முதலிலேயே இறக்கி வைத்தது நல்லதாகப் போயிற்று, புகார் போட்ட மூன்றாம் நாள் அவனுடைய லாகினே வேலை செய்யவில்லை. மார்ச்சில் போன பணமெல்லாம் கை மாறி எங்கோ போய்விட்டது. கடைசியாக அனுப்பிய 20,000ல் 4,300 மட்டும் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டதாகத் தெரிய வந்தது. புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவுதான் பிடிபடும். சில மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டிய விஷயத்தை இவன் மாதக்கணக்கில் விட்டிருந்தான்.

ஆகஸ்டில் அவன் அப்பாவே வந்தார். "அம்மா, ஃபேக்டரிக்காரன் மாங்காய்ப் பணம் 1,12,000 பையன் கணக்குல போட்டான். எடுக்கப் போனா பேங்க்ல முடக்கியிருக்குதுங்கிறாங்க. பையன் ஏதாச்சும் தப்புத்தண்டா பண்ணிட்டானுங்களா?"

நான் பயந்தது இதைத்தான். இவனுக்கு வந்த 6,500 ரூபாய், வேறொரு மாநிலத்தில் வேறு யாரோ ஏமாந்து இழந்த பணம். அந்த ஆள் புகார் கொடுத்ததும் பணம் போன பாதையில் இருந்த கணக்குகளையெல்லாம் அந்த ஊர் சைபர் போலீஸ் நிறுத்தச் சொல்லிவிட்டது. பேங்க் 6,500ஐ மட்டும் பிடிக்காமல் மொத்தக் கணக்கையும் முடக்கியிருந்தது. இந்த ஆப்புகளில் தோற்பவருக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் ஜெயித்துப் பணம் எடுத்தவருக்கும் இந்தத் தலைவலி வரும்.

பேங்க் மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் எதுவும் இல்லை. அவரிடம் கேட்டு வாங்க வேண்டியது மூன்று விஷயம்: எந்தப் புகார் எண், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. அதை எழுத்தில் வாங்கினோம். பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு மெயில் அனுப்பினோம். நான் எழுதிக் கொடுத்தது ஒன்றரைப் பக்கம். 6,500 எந்தத் தேதியில் எந்த ஆப்பிலிருந்து வந்தது, அதே ஆப்பில் தானும் ஏமாந்து கொடுத்த புகாரின் எண், 1,12,000 ஃபேக்டரியிலிருந்து வந்த மாங்காய்ப் பணம் என்பதற்கு எடை ரசீதும் பில்லும். கேட்டது ஒன்றே ஒன்று: சர்ச்சைக்குரிய 6,500ஐ மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடுவிக்க வேண்டும். பணத்தைப் பற்றித் தெரியாது என்று மழுப்பியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். முதல் மெயிலுக்குப் பதில் இல்லை. நம்ம மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் சொல்லி, நினைவூட்டல் அனுப்பி, ஒரு வழியாக அந்த அதிகாரி பேங்குக்கு எழுதினார். ஆயுதபூஜைக்குக் கொஞ்சம் முன்னால் 6,500 போக மீதியை எடுக்க முடிந்தது. அப்படியும் அசையாமல் இருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடுவதுதான் அடுத்த வழி. அதற்கு வக்கீல் செலவு வேறு.

இடையில் இன்னொரு கூத்து. இவன் தன் கதையை ஒரு ஃபேஸ்புக் குழுவில் எழுதியிருக்கிறான். எழுதிய இரண்டாம் நாள் ஒரு போன். ரிசர்வ் வங்கியின் பணம் மீட்புப் பிரிவிலிருந்து பேசுகிறார்களாம். இழந்த 72,500ம் ரெடியாக இருக்கிறதாம், ஃபைல் திறக்க 8,000 ரூபாய் மட்டும் கட்ட வேண்டுமாம். 82,000 போய் 9,500 திரும்பி வந்தது போக நிகர நஷ்டம் 72,500 என்பதை அவனே அந்தப் பதிவில் எழுதியிருந்ததால், அந்தத் தொகையைக் கேட்டதும் உண்மையான ஆட்கள் என்று ஒரு கணம் நினைத்திருக்கிறான். ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குப் போன் போட்டுப் பணம் மீட்டுத் தருவதில்லை. கட்டணம் எந்தக் கணக்குக்கு என்று கேட்கச் சொன்னேன். இந்த முறை ஒரு மருந்துக்கடையின் க்யூஆர் வந்தது.

அந்தப் போன் எண்ணையும் க்யூஆரையும் பழைய புகாரோடு சேர்த்துப் பதிவு செய்தான்.